மன்னார்குடி பக்கம் ஐந்தாம் வகுப்பு, 40 பிள்ளைகள், நான் ஒருத்திதான். பாதிப் பேருக்குக் கழித்தலே வரவில்லை. ஒரே பாடவேளையில் எல்லாருக்கும் எப்படிக் கணக்கு நடத்துவது?

டீச்சர், மதிப்பெண்ணை வைத்துப் பிரிக்காதீர்கள், தப்பை வைத்துப் பிரியுங்கள். 402 − 178 என்று ஒரே ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதி, கால் தாளில் பேர் போட்டுச் செய்து தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

விடை 224. 376 என்று எழுதிய பிள்ளை, மேலே எது கீழே எது என்று பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. 234 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். பூஜ்ஜியத்தைப் பத்தாக்கி, அதிலிருந்து ஒன்றைப் பக்கத்துக்குக் கொடுத்தபிறகு 9 ஆக்க மறந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே விளக்கம் சொன்னால் ஒருத்தருக்கும் ஏறாது.

40 நிமிடப் பாடவேளையில் யாரை முதலில் உட்கார வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சரியாகப் போட்டவர்களை முதலில் தொடங்கிவிடுங்கள்: 4□2 − 1□8 = 224, கட்டங்களை எத்தனை விதமாக நிரப்பலாம்? மூன்று விதம் உண்டு. மூன்றையும் கண்டுபிடிக்கவே நேரம் பிடிக்கும். அவர்களைக் குட்டி ஆசிரியராக்கி மற்றவர்களிடம் அனுப்பாதீர்கள், விடையைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அடுத்து 234 கூட்டம். பெஞ்சிலேயே இரண்டிரண்டு பேராக, காகிதத்தில் வெட்டிய நூறு, பத்து, ஒரு ரூபாய்கள். கையில் நான்கு நூறு, இரண்டு ஒன்று. கடைக்காரருக்கு 178 தர வேண்டும். சில்லறை மாற்றினால் மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று ஆவதை அவர்களே எண்ணிப் பார்ப்பார்கள். இந்த இரண்டு கூட்டமும் வேலையில் இறங்கியபிறகுதான் நீங்கள் 376 கூட்டத்தோடு தரையில் உட்கார வேண்டும். மாற்றிச் செய்தால் மற்ற இருபத்தைந்து பேர் உங்களுக்காகக் காத்திருப்பார்கள், இரைச்சல் அங்கேதான் பிறக்கிறது.

தரைக்கு ஈர்க்குச்சி போதும். ஒரு விளக்குமாற்றை உருவி, சின்னதாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போடுங்கள். 402 வேண்டாம், 42 − 18 எடுங்கள்: நாலு கட்டு, இரண்டு குச்சி. எட்டுக் குச்சி கேளுங்கள். இல்லை என்பார்கள். ஒரு கட்டைப் பிள்ளையே அவிழ்க்கட்டும், நீங்கள் அவிழ்க்காதீர்கள். பன்னிரண்டில் எட்டுப் போனால் நாலு, மூன்று கட்டில் ஒன்று போனால் இரண்டு. அதன்பிறகே சிலேட்டில் 4ஐ அடித்து 3 எழுதச் சொல்லுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 42இல் உள்ள 4க்கு எத்தனை குச்சி என்று கேட்டால் சிலர் நாலு குச்சியை எடுத்து நீட்டுவார்கள். அவர்களுக்கு இன்றைக்குக் கழித்தல் வேண்டாம், கட்டுக் கட்டி எண்ணுவதோடு விடுங்கள்.

கடைசி ஐந்து நிமிடம் தரைக் கூட்டத்துக்கு 53 − 27, காசுக் கூட்டத்துக்கு 305 − 127. சரியாகப் போட்டவர் நாளைக்கே இடம் மாற வேண்டும். பிள்ளைகளைக் கற்ற அளவை வைத்துப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் பிள்ளையின் பேராகவே ஒட்டிக்கொள்வது, கூட்டத்தை மாதக்கணக்கில் மாற்றாமல் விடுவதால்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலு நாள் வராத பிள்ளை திரும்பி வந்தால், பழைய கூட்டத்தில் உட்கார வைக்காமல் மறுபடி ஒரு கால் தாள் கொடுத்துப் பாருங்கள்.