அந்தக் காரணம் யாருக்காக?

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வருடமாகப் பழகிய தோழியிடம் போன மாதம் மனதைத் திறந்து சொன்னேன். “உனக்கு என்னைவிட நல்ல பொண்ணு கிடைப்பா. எனக்கு இப்போ கேரியர்தான் முக்கியம்” என்றாள். அவள் முகத்தில் பொய் தெரியவில்லை. உண்மையாகத்தான் சொன்னாளா? காத்திருக்கலாமா?
கே.

அன்புள்ள கே.,

காத்திருக்காதீர்கள். அவர் பொய்க்காரி என்று நினைத்து இதைச் சொல்லவில்லை.

வாலரி ஃபோக்ஸ் என்ற ஆய்வாளர் 1982-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வெளியே போகலாமா என்று அழைத்தவரை மறுத்தவர்களிடம், நேரில் சொன்ன காரணத்தையும் மனதுக்குள் வைத்திருந்த காரணத்தையும் தனித்தனியாகக் கேட்டார். நேரில் சொன்னவை பெரும்பாலும் சூழ்நிலையைப் பற்றியவை, நாளைக்கே மாறக்கூடியவை. மனதில் இருந்தவையோ பெரும்பாலும் அந்த ஆளைப் பற்றியவை, எளிதில் மாறாதவை. எதிரில் இருப்பவர் நோகக் கூடாது என்றுதான் மாறக்கூடிய காரணத்தைத் தேடுகிறோம். ஆனால் மாறக்கூடியது என்பதாலேயே கேட்பவர் மனதில் அது நம்பிக்கையாக முளைத்துவிடுகிறது.

நானே அதைச் செய்திருக்கிறேன். உடன் வேலை பார்த்த ஒருவரிடம், “இந்த ப்ராஜெக்ட் முடியற வரைக்கும் வேற எதையும் யோசிக்க முடியல” என்றேன். அவர் மேல் எனக்கு மரியாதை இருந்தது, ஈர்ப்பு இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. பதினான்கு மாதம் கழித்து ப்ராஜெக்ட் முடிந்த வாரம் என் மேசைக்கு வந்து, “முடிஞ்சிடுச்சாமே?” என்று கேட்டார். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் அன்றே மறுத்துவிட்டதாக நினைத்திருந்தேன். அவர் தவணை கொடுத்ததாக எடுத்துக்கொண்டிருந்தார்.

“நல்ல பொண்ணு கிடைப்பா” என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. உங்களை அவர் மதிக்கிறார், நோகடிக்கிறோமே என்ற உறுத்தலும் இருக்கிறது. அதனால்தான் முகத்தில் பொய் தெரியவில்லை. அந்த அக்கறை நிஜம், மறுப்பும் நிஜம். இரண்டையும் சேர்த்துக் கட்டிய காரணம் மட்டும்தான் கடன் வாங்கியது.

உண்மையிலேயே வேலை நெருக்கும் ஆட்களும் உண்டு. ஆனால் விருப்பம் இருப்பவர் மறுக்கும்போதே மாற்று வழி ஒன்றைத் தருவார்: “பரீட்சை மார்ச்ல முடியுது, அப்புறம் பேசலாமா?” நடுவில் அவராகவே கூப்பிடுவார். உங்கள் தோழி அப்படி ஒரு நாளைக் குறிப்பிட்டதாக நீங்கள் எழுதவில்லை.

நிஜக் காரணத்தைத் தோண்டிக் கேட்காதீர்கள். கேட்டால் இன்னொரு மென்மையான காரணம்தான் வரும், அவருக்கும் அது வாதையாக இருக்கும். “புரிஞ்சுது, இனி இதைப் பத்திக் கேட்க மாட்டேன்” என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அதன் பிறகும் தோழியாகப் பழக முடியுமா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. கொஞ்ச நாள் விலகியிருக்கத் தோன்றினால் அதையும் அவரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள், வேலை அதிகம் என்று சொல்லாமல்.