கையால் எழுதிய பாஸ்புக்: வட்டி எழுதிய வரி என்ன சொல்கிறது? (கேள்வி பதில்)

கூட்டுறவுச் சங்கங்களிலும் கூட்டுறவு வங்கிகளிலும் தணிக்கைக்குப் போய் வந்தவன் நான். இப்போது ஓய்வு. பாஸ்புக் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். கடன் தள்ளுபடி எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மருமகள்: மாமனாரின் பழைய புத்தகத்தில் சில வரிகளில் 'பை கேஷ்' என்றும் சிலவற்றில் 'டு செல்ஃப்' என்றும் இருக்கிறது. எது போட்ட பணம், எது எடுத்தது?

'பை' என்றால் வரவு, 'டு' என்றால் பற்று. பழைய கணக்கெழுத்து முறை அது. கட்டம் மாறி எழுதும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அதனால் எந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறது என்பதை விட, அடுத்த இருப்பு ஏறியதா இறங்கியதா என்று பாருங்கள். 'பை' என்று எழுதிவிட்டு இருப்பு இறங்கியிருந்தால் அந்த வரியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விசாரிக்க விஷயம் இருக்கிறது.

பால் பண்ணைக்காரர்: எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். 270 ரூபாய் உதைக்கிறது. எங்கே என்று தெரியவில்லை.

270-ஐ 9 மிச்சமில்லாமல் வகுக்கிறது. அப்படி வந்தால் பெரும்பாலும் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். 4,630 என்பதை 4,360 என்று எழுதினால் இதே 270 தான் குறையும். பக்கம் புரளும் இடத்தில் முதலில் தேடுங்கள். அடியில் இருக்கும் தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எடுத்தெழுதும்போதுதான் கை தவறும்.

பிழை கிடைத்ததும் அதற்கு அடுத்த வரிகளையும் பாருங்கள், அதுதான் முக்கியம். நாலு வரி கழித்து இருப்பு யாரும் திருத்தாமலே சரியான தொகைக்கு வந்துவிட்டதா? அப்படியானால் எழுத்தர் அலுவலகத்தின் கணக்குப் பேரேடான லெட்ஜரைப் பார்த்து எழுதியிருக்கிறார், நடுவில் ஒரு தடவை கண் தப்பிவிட்டது, அவ்வளவுதான். தப்பு அப்படியே கடைசி வரை போகிறதென்றால் லெட்ஜரைத் திறக்காமல் பாஸ்புக்கையே பார்த்துக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். 270 ரூபாயை விட அந்தப் பழக்கம்தான் எனக்குக் கவலை.

தையல்கடைக்காரர்: ஜனவரி 21-ம் தேதி இருபதாயிரம் கட்டினேன். கையால் எழுதி சீல் குத்திக் கொடுத்தார்கள். இருப்பும் சரியாகத்தான் வருகிறது. ஆனால் மார்ச் 31-ல் வட்டி 79 ரூபாய்தான் போட்டிருக்கிறார்கள். கம்மியோ?

வேறு விவரம் கேட்டிருந்தேன், அனுப்பிவிட்டார். ஜனவரி 1-ல் இருப்பு 12,400. 21-ல் இருபதாயிரம் வரவு, ஆக 32,400. மார்ச் 2-ல் ஐயாயிரம் எடுத்திருக்கிறார், ஆக 27,400. வட்டி 3 சதவீதம் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தாராம். இதை நிதானமாகப் போட்டுப் பார்ப்போம்.

ஒவ்வொரு நாள் முடிவிலும் என்ன இருப்போ அதற்குத்தான் வட்டி. எனவே பணம் கட்டிய நாள் கூடின இருப்பில் சேரும், எடுத்த நாள் குறைந்த இருப்பில் சேரும். ஜனவரி 1 முதல் 20 வரை 20 நாள், 12,400. பெருக்கினால் 2,48,000. ஜனவரி 21 முதல் மார்ச் 1 வரை 40 நாள், 32,400. பெருக்கினால் 12,96,000. மார்ச் 2 முதல் 31 வரை 30 நாள், 27,400. பெருக்கினால் 8,22,000. மூன்றையும் கூட்டினால் 23,66,000. அதை 3-ஆல் பெருக்கி, 365 நாளையும் நூற்றையும் பெருக்கி வரும் 36,500-ஆல் வகுத்தால் 194 ரூபாய் சொச்சம் வருகிறது. விழுந்திருப்பதோ 79. குறைவது 115 ரூபாய்.

இந்த 115 எதன் வட்டி? 115-ஐ 36,500-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14 லட்சம். ஜனவரி 21 முதல் மார்ச் 31 வரை 70 நாள். 14 லட்சத்தை 70-ஆல் வகுத்தால் இருபதாயிரம். நீங்கள் கட்டிய அதே தொகை!

வட்டியை உங்கள் பாஸ்புக்கைப் பார்த்துப் போடுவதில்லை, லெட்ஜரைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். பாஸ்புக்கில் யாரும் எந்தத் தொகையையும் எழுதிவிடலாம். லெட்ஜரில் அது ஏறவில்லை என்றால் வட்டி எழுதிய வரி காட்டிக்கொடுத்துவிடும். வைப்புத்தொகையைப் பாஸ்புக்கில் மட்டும் வரவு வைத்துக் கொடுத்த ஒரு சங்கத்தை நான் பிடித்ததே இப்படித்தான். ஒரு அம்மா புத்தகத்தைக் காட்டி வட்டி போதவில்லை என்று சண்டைக்கு வந்தார். சண்டை போட்டவர் பக்கம்தான் கணக்கு இருந்தது.

ஆனால் உடனே திருட்டு என்று கத்திவிட வேண்டாம். பக்கத்துக் கணக்கு எண்ணில் மாற்றி ஏற்றியிருக்கலாம், அதுவும் சகஜம். தாமதமாக ஏற்றியதுதான் காரணம் என்றால் குறைவு இவ்வளவு முழுசாக இருக்காது. பிப்ரவரி 20-ல் ஏறியிருந்தால் 30 நாள் வட்டி, அதாவது 50 ரூபாய் அளவில்தான் குறையும். அப்புறம், அன்றைய சலானின் அடிக்கட்டை இருக்கிறதா? அடிக்கட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், தூக்கிப் போடாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது.

முன்னாள் காசாளர்: ஐயா சொல்வது தவறு. சேமிப்புக் கணக்குக்கு 10-ம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை எது குறைந்த இருப்போ அதற்குத்தான் வட்டி. நான் இருபது வருஷம் அப்படித்தான் போட்டேன்.

நீங்கள் போட்டது உண்மை. வணிக வங்கிகளில் அந்த முறை 2010 மார்ச் 31-ஓடு முடிந்தது. ஏப்ரல் 1-லிருந்து தினசரி இருப்புக்கு வட்டி என்று ரிசர்வ் வங்கி மாற்றிவிட்டது. கூட்டுறவு வங்கிகளுக்கும் இப்போது தினசரி இருப்புதான்.

முன்னாள் காசாளர்: அது வங்கிக்கு. ஊர்ச் சொசைட்டி ரிசர்வ் வங்கிக்குக் கீழே வராது. எங்கள் பக்கம் இன்றும் குறைந்த இருப்புதான்.

முதல் வாக்கியத்தை ஒப்புக்கொள்கிறேன். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வராது, பெயரில் 'பேங்க்' என்று ஊர் கூப்பிட்டாலும் சரி. அதனாலேயே வைப்புக் காப்பீடும் அங்கே கிடையாது. 5 லட்சம் வரை காப்பீடு உண்டென்று நம்பிப் போடுகிறவர்கள், தங்கள் கணக்கு மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலா, நகரக் கூட்டுறவு வங்கியிலா, சங்கத்திலா என்று புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தையல்கடைக்காரர் விஷயத்தில் உங்கள் முறைப்படியே போடுவோம். ஜனவரி 10-க்கு மேல் குறைந்தது 12,400. பிப்ரவரியில் 32,400. மார்ச்சில் 27,400, ஏனென்றால் பணம் எடுத்தது 2-ம் தேதியே. மொத்தம் 72,200. 3 சதவீதத்தில் மாத வட்டி போட்டால் 180 ரூபாய் 50 பைசா. எந்த முறையிலும் 79 வராது காசாளரே.

முன்னாள் காசாளர்: 79 வராது, சரி. ஆனால் 194 என்று அடித்துச் சொல்லாதீர்கள். எங்கள் துணைவிதியைப் பார்த்திருந்தால் சொல்லமாட்டீர்கள்.

துணைவிதியின் நகலை அனுப்புங்கள், பார்க்கிறேன். அதுவரை 180-க்கும் 194-க்கும் நடுவில் நாம் இரண்டு பேரும் இருந்துகொள்வோம்.

அரசு ஊழியர்: எனக்கும் வட்டி கம்மியாகத்தான் விழுந்திருக்கிறது. பார்த்துச் சொல்ல முடியுமா?

தேதி, இருப்பு, விகிதம் மூன்றும் இல்லாமல் என்ன பார்ப்பது? மேலே போட்ட மாதிரி நீங்களே போடுங்கள்.

கல்லூரி மாணவி: எங்கள் புத்தகத்திலும் வட்டி குறைவு. ஒருவேளை மோசடியா?

மேலே பாருங்கள்.

வெற்றிலை வியாபாரி: நகைக்கடன் அட்டையில் வட்டி ஏறிக்கொண்டே போகிறது. அதையும் 36,500-ஆல் வகுக்கலாமா?

அது கடன் கணக்கு, வேறு கதை. தவணை தாண்டியிருந்தால் அபராத வட்டியும் சேரும். கடன் பிரிவில் வட்டிக் கணக்கீட்டுத் தாளைக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஒவ்வொரு வரியிலும் வட்ட சீல் இருக்கிறது. அது போதாதா?

சீல் மேஜைமேல் கிடக்கும், யார் வேண்டுமானாலும் குத்தலாம். நான் பார்ப்பது இருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சுருக்கொப்பத்தைத்தான். எழுதியவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர் என இரண்டு கை தெரிய வேண்டும். வரவு எழுதியதும் அதிகாரி ஒப்பமும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் இரண்டாவது ஆள் பார்க்கவே இல்லை. இன்னொன்று: தேதி முத்திரை இருப்பின்மேல் விழுந்து ஓர் இலக்கத்தை மறைத்திருந்தால் மறைந்ததை ஊகிக்காதீர்கள். முந்தின இருப்பையும் தொகையையும் கொண்டு நீங்களே எழுதிப் பாருங்கள். 3-உம் 8-உம் மைக்கு அடியில் ஒன்றுபோலவே இருக்கும்.

தையல்கடைக்காரர்: போய்க் கேட்டேன். "திங்கட்கிழமை வாங்க, பாஸ்புக்கை வெச்சிட்டுப் போங்க, சரி பண்ணித் தர்றோம்" என்கிறார். அடிக்கட்டை கிடைத்துவிட்டது. கொடுக்கட்டுமா?

புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். அடிக்கட்டையையும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். முதலில் ஜனவரி பக்கத்தையும் மார்ச் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை போகும்போது லெட்ஜரில் உங்கள் கணக்குப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அப்படியே ஜனவரி 21-ம் தேதி வரவு செலவை எழுதிய நாளேட்டையும் கேளுங்கள். நாளேட்டில் இருபதாயிரம் இருந்து லெட்ஜரில் இல்லையென்றால் ஏற்றும்போது தவறியிருக்கிறது, அன்றைக்கே சரியாகிவிடும். இரண்டிலும் இல்லையென்றால் பேச்சை நிறுத்திவிட்டு எழுத்தில் செயலாளருக்கு ஒரு மனு, அதன் நகலைக் கூட்டுறவுத் துணைப்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒப்புகையோடு தபாலில். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 81-வது பிரிவு விசாரணை என்று ஒன்று இருப்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

எது என்று திங்கட்கிழமை வந்து எழுதுங்கள். காசாளரும் காத்திருக்கிறார்.