58 வயதில் கைக்கு வந்த 45 லட்சம்: முதல் மூன்று மாதத்தில் என்ன செய்வது?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் 30 ஆண்டு வேலை பார்த்து, 58 வயதில் ஜூன் 30 அன்று ஓய்வு பெற்றேன். கடைசி நாளிலேயே கிராஜுவிட்டி 9 லட்சம், நிறுவனத்தின் பி.எஃப். டிரஸ்டிலிருந்து 36 லட்சம், மொத்தம் 45 லட்சம் என் சேமிப்புக் கணக்குக்கு வந்துவிட்டது. இ.பி.எஸ். பென்ஷன் மாதம் 4,500 ரூபாய் வரும். சொந்த வீடு, கடன் இல்லை. மனைவிக்கு வயது 54. குடும்பச் செலவுக்கு மாதம் 30,000 வேண்டும். வங்கி மேலாளர், 10 லட்சம் போட்டால் ஏழு ஆண்டில் 15 லட்சம் உறுதி என்கிறார். மகன் ஃப்ளாட் வாங்க 10 லட்சம் கேட்கிறான். எதில் எவ்வளவு போடலாம்?

பதில்: முதலில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: செப்டம்பர் 30. அதற்குள் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்றுதான். மற்றதையெல்லாம் ஆற அமர யோசிக்கலாம்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயது ஆனவர்களுக்கு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். 55 வயது முடிந்து ஓய்வு பெற்றவர்களும் இதில் சேரலாம். ஆனால் ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் சேர வேண்டும். முன்பு ஒரு மாதமாக இருந்த அவகாசத்தை 2023 நவம்பரில்தான் மூன்று மாதமாக்கினார்கள். இந்த அவகாசத்தைத் தவறவிட்டால், 60 வயது வரை காத்திருக்க வேண்டியதுதான். "இப்போதைக்கு ஒரு வருஷ எஃப்.டி.யில் கிடக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டவர்கள் பலர் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கவுன்ட்டரில் இருப்பவரே "உங்களுக்கு இன்னும் 60 ஆகலையே சார்" என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. அதற்குப் பதில் உங்கள் நிறுவனம் தரும் சான்றிதழில் இருக்கிறது. நீங்கள் ஓய்வு பெற்ற விவரம், வகித்த பதவி, பணிக்காலம், தரப்பட்ட ஓய்வுக்காலப் பலன்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நிறுவனத்தில் உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எச்.ஆரிடம் இந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். வங்கிக் கணக்கில் பணம் வந்த வரியின் நகலையும் அதோடு இணையுங்கள்.

இந்தத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 60 வயதுக்குள் சேர்பவர்கள், தங்களுக்கு வந்த ஓய்வுக்காலப் பணத்துக்கு மேல் போட முடியாது. உங்களுக்கு 45 லட்சம் வந்திருப்பதால் அது தடையில்லை. 30 லட்சத்தையும் போடுங்கள் என்பதே என் கருத்து. 2023 ஏப்ரலில் 8.2% ஆக்கப்பட்ட வட்டி இது. அரசு காலாண்டுக்கு ஒருமுறை வட்டியைப் பரிசீலிக்கும் என்றாலும், நீங்கள் போடும் நாளில் இருக்கும் விகிதம் உங்களுக்கு ஐந்து ஆண்டுக்கும் மாறாது. மனைவியைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு 54 வயது என்பது அதற்குத் தடையில்லை.

8.2% என்றால் ஆண்டுக்கு 2,46,000. ஆனால் அது மாதாமாதம் வராது. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் தொடக்கத்தில் 61,500 ரூபாயாக வரும். மாதக் கணக்கில் 20,500. ஜூலையில் போட்டால் முதல் வட்டி அக்டோபரில்தான் என்பதால், அதுவரை வீட்டுச் செலவுக்குப் பணம் தனியாக இருக்க வேண்டும். வட்டியை எடுக்காமல் விட்டால் அதற்கு வட்டி சேராது. அதனால் சேமிப்புக் கணக்குக்குத் தானாகவே வரும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பென்ஷனையும் சேர்த்தால் மாதம் 25,000 ஆகிறது. குறைவது 5,000. அஞ்சலக மாதாந்திர வருமானத் திட்டத்தில் 7.4% வட்டிக்கு 8 லட்சம் போட்டால் மாதம் 4,933 வரும். தேவை ஏறக்குறைய நிறைவேறிவிடுகிறது. மீதி 7 லட்சம். அதில் 3 லட்சத்தை நினைத்தவுடன் எடுக்கும்படி வங்கியில் வையுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும், அக்டோபர் வரை குடும்பம் நடத்தவும் இதுதான். இதற்காக மூத்த குடிமக்கள் கணக்கை உடைத்தால் நஷ்டம். ஓராண்டுக்குள் மூடினால் அதுவரை தந்த வட்டியையே பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் ஆண்டில் மூடினால் அசலில் 1.5%, அதன் பிறகு 1% போகும்.

கடைசி 4 லட்சத்தை, பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் ஓராண்டுக்குமேல் பிரித்துப் பிரித்துப் போடுங்கள். எட்டு, பத்து ஆண்டு தொடாமல் இருக்க முடிந்தால் மட்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால் இன்றைய 30,000 ரூபாய்ச் செலவு ஐந்து ஆண்டில் 40,000 ஆகிவிடும். உங்கள் வருமானமோ அதே 30,000தான். இந்த 4 லட்சம் அந்தப் பள்ளத்தை முழுவதும் மூடாது. முதல் ஐந்து ஆண்டில் பகுதிநேர வேலை ஏதாவது கிடைத்து, வட்டியில் ஒரு பகுதி மிச்சமானால், அதையும் இதே ஃபண்டில் சேருங்கள். 63 வயதில் கணக்கு முதிரும்போது மூன்று ஆண்டு நீட்டிக்கலாம். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அசலையும் எடுத்துச் செலவு செய்ய வேண்டியிருக்கும். அதில் தவறில்லை. 60-லேயே அசலைக் கரைக்கத் தொடங்குவதுதான் ஆபத்து.

மகன் கேட்கும் 10 லட்சத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 8.2% வட்டியில் அந்தப் பணம் உங்களுக்கு மாதம் 6,833 ரூபாய் தருகிறது. அதைக் கொடுத்தால் உங்கள் மாத வருமானம் 23,000 சொச்சம். மகனுக்கு வீட்டுக் கடன் கிடைக்கும். ஓய்வு பெற்ற உங்களுக்கு மாதச் செலவுக்கு யாரும் கடன் தரமாட்டார்கள். இந்த எண்ணைத் தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள். அவருக்கே புரியும்.

வங்கி மேலாளர் சொல்வதில் 50% லாபத்தை ஏழால் வகுத்து 7.14% என்று காட்டுவார். கூட்டுவட்டியில் பார்த்தால் அது 6%கூட இல்லை. எக்செலில் `=RATE(7,0,-1000000,1500000)` என்று போட்டுப் பாருங்கள், 5.96% வரும். கையெழுத்துப் போடும் தாளில் "பாலிசி", "பிரீமியம்" என்ற சொற்கள் இருந்தால் அது டெபாசிட் இல்லை, இன்ஷூரன்ஸ். ஒற்றைப் பிரீமியத்தில் காப்புத்தொகை பிரீமியத்தைப்போல் பத்து மடங்குக்குக் குறைவாக இருந்தால், முதிர்வுத் தொகையின் லாபத்துக்கு வரியும் உண்டு. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசி ஆவணம் கைக்கு வந்து 30 நாளுக்குள் எழுத்தில் கேட்டு ரத்து செய்யலாம்.

வரி பற்றி அதிகம் கவலை வேண்டாம். 20 லட்சம் வரை கிராஜுவிட்டிக்கும், ஐந்து ஆண்டுக்குமேல் பணியாற்றியவரின் பி.எஃப். தொகைக்கும் வரி இல்லை. ஆனாலும் இந்த ஆண்டு ரிட்டர்னில் விலக்குப் பெற்ற வருமானமாகக் காட்டுங்கள். அடுத்த நிதியாண்டிலிருந்து வட்டியும் பென்ஷனும் சேர்ந்து சுமார் 3.6 லட்சம்; புதிய வரி முறையின் 4 லட்சம் வரம்புக்குள் அடங்கும். வரிப் பிடித்தம் வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு ஏப்ரலிலும் கணக்கு இருக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். மறந்தால் 10% பிடித்துவிட்டுத்தான் வட்டி வரும். அதைத் திரும்பப் பெற ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும்.