ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் இரண்டாம் பாதியில் ஏன் மூச்சு வாங்குகிறது?

கேள்வி: எனக்கு 20 வயது. கால்பந்தில் நடுக்களத்தில் ஆடுகிறேன். இரண்டு வருடமாக ஒரு நாளைக்கு 5, 6 சிகரெட் பிடிக்கிறேன். முதல் பாதி நன்றாக ஓடுகிறேன். 60 நிமிடத்துக்கு மேல் மூச்சு வாங்குகிறது, மறுநாளும் கால் கனமாகவே இருக்கிறது. மூச்சை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி எடுத்தேன், நார்மல். விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 98. ஹீமோகுளோபின் 16.5. அப்படியென்றால் காரணம் சிகரெட் இல்லைதானே? மேட்ச் அன்று மட்டும் பிடிக்காமல் இருந்தால் போதுமா?

பதில்: தம்பி, அந்த மூன்று எண்களும் சரியாகவே இருக்கலாம். ஆனால் 60-வது நிமிடத்தில் உங்கள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை அவற்றில் எதுவும் காட்டாது. சிகரெட்டை அவற்றை வைத்து விடுதலை செய்ய முடியாது.

முதலில் அந்த 98. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ரத்தத்தின் நிறத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் நல்ல சிவப்பாக இருக்கும். சிகரெட் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் அதே மாதிரி சிவப்புதான். சாதாரண ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜன் என்றே எண்ணிவிடும். அதனால் புகைப்பவருக்கும் 98 வரும், புகைக்காதவருக்கும் 98 வரும்.

கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் பலம் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல். புகைக்காதவர் ரத்தத்தில் இப்படிப் பிடிபட்ட ஹீமோகுளோபின் 1, 2 சதவீதத்துக்குள் இருக்கும். புகைப்பவர்களுக்கு, எத்தனை பிடிக்கிறார்கள், கடைசி சிகரெட் எப்போது என்பதைப் பொறுத்து, 3 முதல் 8 சதவீதம் வரை சாதாரணமாகப் பார்க்கிறோம். உங்களுக்கு 5 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு வேகத்தில் ஓடும்போது உங்கள் இதயம் நிமிடத்துக்கு சுமார் 20 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு லிட்டர் ரத்தம் ஏறக்குறைய 200 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். ஆக மொத்தம் நிமிடத்துக்கு 4000 மில்லி. அதில் 5 சதவீதம் போனால் 200 மில்லி குறைகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்கள் முழு உடம்புக்கும் ஒரு நிமிடத்துக்கு 250 மில்லி அளவுதான் ஆக்சிஜன் தேவை. ஓடும்போது இன்னொரு ஆளுக்கும் சேர்த்து மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

இத்தோடு முடியவில்லை. கார்பன் மோனாக்சைடு கொஞ்சம் ஏறிவிட்டால், மீதி ஹீமோகுளோபின் தன்னிடம் உள்ள ஆக்சிஜனையும் எளிதில் விடாது. தசைவரை போன ஆக்சிஜனில் ஒரு பங்கு இறங்காமலே திரும்பி வந்துவிடும்.

சரி, அப்படியானால் முதல் பாதியில் ஏன் தெரியவில்லை? மிதமான வேகத்தில் இந்தக் குறையை இதயம் கொஞ்சம் வேகமாகத் துடித்து ஈடுகட்டிவிடும். ஆனால் நடுக்கள ஆட்டம் ஒரே வேக ஓட்டம் இல்லை. வேகமாக ஒரு ஓட்டம், கொஞ்சம் நடை, மறுபடி வேக ஓட்டம். ஒவ்வொரு வேக ஓட்டத்துக்கும் தசை தன் கையிருப்புச் சக்தியைச் செலவழிக்கிறது. நீங்கள் நடக்கிற அந்த அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் அதை மறுபடி நிரப்ப ஆக்சிஜன் வேண்டும். வரத்து குறைவாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பாக்கி நிற்கும். முதல் 20 ஓட்டங்களில் அந்தப் பாக்கி கண்ணில் படாது. 60-வது நிமிடத்தில் அது மொத்தமாகச் சேர்ந்து நிற்கிறது. போதாததற்கு நிகோடின், கடைசி சிகரெட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டு மணி நேரம்வரை இதயத்துடிப்பை நிமிடத்துக்கு 10, 15 கூட்டி வைக்கிறது. உங்கள் இதயத்தின் உச்ச வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு. கீழ்ப்படியே உயர்ந்துவிட்டால் ஏறுவதற்கு மிச்சமுள்ள படிகள் குறைவு.

ஹீமோகுளோபின் 16.5 என்பதை ஒரு பலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் இயல்பான அளவாகவே இருக்கலாம். ஆனால் புகைப்பவர்களின் உடம்பு ஆக்சிஜன் பற்றாக்குறையைச் சமாளிக்கக் கூடுதலாகச் சிவப்பணுக்களை உண்டாக்குவதும் உண்டு.

இனி ஸ்பைரோமெட்ரி. உட்கார்ந்த நிலையில் ஒரே மூச்சாக ஊதியிருப்பீர்கள். உங்கள் வயது, உயரத்துக்குச் சராசரியாக எதிர்பார்க்கும் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் வந்தாலே பெரும்பாலும் நார்மல் என்று எழுதிவிடுவார்கள். விளையாட்டுக்காரர்கள் பலருக்கு இது 100-ஐத் தாண்டி இருக்கும். 110-ல் இருந்தவர் 95-க்கு இறங்கினாலும் காகிதத்தில் நார்மல்தான். பழைய ரிப்போர்ட் இருந்தால்தான் அந்த இறக்கம் தெரியும். புகை முதலில் கெடுப்பது 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த மெல்லிய மூச்சுக்குழல்களை. அவை எண்ணிக்கையில் ஏராளம் என்பதால் நிறையக் கெட்ட பிறகுதான் இந்தச் சோதனையில் காட்டிக்கொடுக்கும். உங்கள் வயதில் எனக்குக் கவலை தருவது இன்னொன்று. ஆண்களுக்கு நுரையீரல் வளர்ச்சி 20 வயதைத் தொட்டும் தாண்டியும்தான் முழுமையடைகிறது. பதின்பருவத்தில் தொடங்கியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 சிகரெட் அளவிலேயே அந்த வளர்ச்சி மந்தமாவதைப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் தொடங்கியது 18-ல்.

ஓடும்போது இதன் விலை கூடும். ஓய்வில் நிமிடத்துக்கு 6, 8 லிட்டர் காற்று போதும். வேக ஓட்டத்தில் 100 லிட்டரைத் தாண்டும். புகையால் குழல்கள் கொஞ்சம் சுருங்கியிருந்தால், அத்தனை காற்றையும் இழுத்து விட நெஞ்சுத் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டும். அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும், அது உங்கள் கால்களுக்குப் போக வேண்டிய பங்கிலிருந்துதான் வரும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. மேட்ச் அன்று மட்டும் விட்டால் கொஞ்சம் பயன் நிச்சயம் உண்டு. கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய 5 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். முந்தின இரவு 10 மணிக்குக் கடைசி சிகரெட், அப்போது 6 சதவீதம் என்றால், அதிகாலை 3 மணிக்கு 3, காலை 8 மணிக்கு ஒன்றரை. மாலை ஆட்டத்துக்குள் ரத்தம் அந்த விஷயத்தில் கிட்டத்தட்டச் சுத்தம். ஆனால் மூச்சுக்குழலின் வீக்கமும் சளியும் ஒரு நாளில் போகாது. அதே நேரம் நிகோடின் இல்லாத தவிப்பு ஆரம்பித்திருக்கும். எரிச்சல், கவனம் சிதறல், முந்தின இரவு சரியாகத் தூங்காதது, எல்லாம் ஆட்டத்தில் பந்து காலுக்கு வரும் நேரத்தில் தெரியும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் மேட்ச் இல்லாத நாட்களில். அன்றைய பயிற்சியைக் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தோடு செய்கிறீர்கள். 10 வேக ஓட்டத்தில் கடைசி மூன்று தளர்கிறது. ஸ்டாமினா வளர்வதே அந்தக் கடைசி மூன்றில்தான். கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர் 1968-ல் இளம் வீரர்களை 12 நிமிடம் ஓட வைத்துத் தூரத்தை அளந்தார். எவ்வளவு அதிகம் புகைத்தார்களோ, அவ்வளவு குறைவான தூரம். எல்லோருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்த பிறகும் புகைத்தவர்கள் பின்தங்கியே இருந்தார்கள்.

மறுநாள் கால் கனமாக இருப்பதும் இதோடு சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். நிகோடின் ஆழ்ந்த தூக்கத்தைக் குறைக்கும், தசைகளைப் பழுதுபார்க்கும் புரத உற்பத்தியும் புகைப்பவர்களிடம் மந்தமாக இருக்கும். ஆட்டம் முடிந்த இரவில் பசங்களோடு சேர்ந்து இரண்டு மூன்று சிகரெட் பிடிப்பவர்கள், பழுதுபார்க்கும் வேலை நடக்கும் நேரத்தில்தான் அதைக் கெடுக்கிறார்கள்.

என் வார்த்தையை நம்பவே வேண்டாம், நீங்களே அளந்து பாருங்கள். இந்த வாரம் ஒரு நாள், வழக்கம்போல் புகைத்த நிலையிலேயே, 400 மீட்டர் டிராக்கில் 12 நிமிடம் முடிந்தவரை ஓடித் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நின்ற உடனே நாடித்துடிப்பு எவ்வளவு, சரியாக ஒரு நிமிடம் கழித்து எவ்வளவு என்றும் எழுதுங்கள். இரண்டுக்கும் இடையிலான இறக்கம் எவ்வளவு பெரிதோ, மீட்சி அவ்வளவு நல்லது. அப்புறம் முழுவதுமாக விட்டுவிட்டு, அதே டிராக், அதே நேரம், அதே அளவு தூக்கம், அதே சாப்பாடு என்று வைத்து 2 வாரத்திலும் 6 வாரத்திலும் மறுபடி அளந்து பாருங்கள். மூச்சில் கார்பன் மோனாக்சைடை அளக்கும் சின்னக் கருவி புகை நிறுத்த கிளினிக்குகளில் இருக்கும். அதில் ஊதிப் பார்த்தால் ஆக்சிமீட்டர் மறைத்தது தெரிந்துவிடும்.

விடுகிற நாளை முக்கியமான ஆட்டத்துக்கு முந்தின வாரத்தில் வைக்காதீர்கள். தவிப்பு 2, 3-வது நாளில் உச்சத்துக்குப் போகும், இரண்டு முதல் நான்கு வாரம்வரை ஏற்ற இறக்கமாக இருக்கும். சீசன் முடிந்த வாரம் நல்லது. நிகோடின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம் போன்றவற்றை மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். அவற்றில் கார்பன் மோனாக்சைடு இல்லை. ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் நிகோடின் இல்லை, 2012 முதல் கண்காணிப்பில் மட்டும் இருக்கிறது. பட்டியல் ஆண்டுதோறும் மாறுவதால் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் வேப் பிடிக்கிறேன் என்று போகாதீர்கள். அதிலும் நிகோடின் உண்டு, மூச்சுக்குழலையும் அது சும்மா விடாது.

முதல் சில வாரங்களில் இருமலும் சளியும் கூடலாம். புகையால் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழல் முடிகள் மறுபடி அசைந்து, தேங்கிய சளியை மேலே தள்ளுகின்றன. இதைப் பார்த்து, விட்ட பிறகுதான் மூச்சு கெட்டது என்று நினைத்து மறுபடி பற்றவைத்த பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். நீங்களும் அப்படி ஏமாற வேண்டாம்.

6 வாரம் உண்மையாகவே விட்டும் 12 நிமிடத் தூரம் நகரவில்லை என்றால், வேறு காரணம் தேட வேண்டும். ஓடி முடித்த 5, 10 நிமிடத்தில் இருமலோ விசிலடிப்பது போன்ற மூச்சோ வந்தால் உடற்பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமாவாக இருக்கலாம். ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி எடுத்து, ஊதும் அளவு 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் அப்போது பாருங்கள், ஹீமோகுளோபின் நன்றாக இருந்தாலும் அது குறைந்திருக்கலாம். ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம், தாறுமாறான படபடப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் 6 வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே ஆட்டத்தை நிறுத்திவிட்டு இதய மருத்துவரைப் பாருங்கள்.