முட்டிவலிக்குக் குளுக்கோசமைன்: யார் சொல்வது சரி?

"அம்மாவுக்கு முட்டித் தேய்மானம். குளுக்கோசமைன்-காண்ட்ராய்டின் சாப்பிட்டதில் வலி குறைஞ்சிருக்காம். டாக்டர் வீண் செலவுங்கிறார். யாரை நம்புறது?"

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். குருத்தெலும்பில் நீரைப் பிடித்துவைக்கும் பொருள் காண்ட்ராய்டின்; அதைக் கட்ட உடலுக்கு உதவும் சர்க்கரை குளுக்கோசமைன். மூலப்பொருளைக் கொடுத்தால் தேய்மானம் குறையுமே என்பதுதான் கணக்கு. ஆனால் விழுங்கியதில் மூட்டுக்குப் போய்ச் சேருவது சொற்பம்.

அமெரிக்காவில் 1,583 பேரிடம் நடந்த கெய்ட் ஆய்வு 2006-இல் வெளியானது. அதில் மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கே 60 சதவீதம் பேருக்கு வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தது! இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 67. தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம். வலி அதிகமிருந்த சிறு குழுவில் மட்டும் பலன் தெரிந்தது.

அங்கே கொடுத்தது குளுக்கோசமைனின் ஹைட்ரோகுளோரைடு வகை. பலன் காட்டிய ஐரோப்பிய ஆய்வுகளில் சல்ஃபேட் வகை. அவற்றில் சில தயாரிப்பாளர் பணத்தில் நடந்தவை. அப்புறம், அம்மா இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் இரத்தக்கசிவு கூடலாம்.