மூன்றை எடுப்பது இருக்கட்டும், மீதிப் பதினான்கை என்ன செய்தோம்?

கேள்வி: பதினைந்து பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். ஆண்டுக்கு மூன்று குறிக்கோள்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடச் சொல்கிறார்கள். என் பட்டியலில் இருபதுக்கு மேல் இருக்கின்றன. எல்லாமே முக்கியம். எதை, எப்படி விடுவது?

பதில்:

எல்லாமே முக்கியம்தான். முக்கியமில்லாததை யார் உட்கார்ந்து பட்டியல் போடுகிறார்கள்? அதனால்தான் முக்கியத்துவத்தை வைத்து வடிகட்டினால் ஒன்றுகூட வெளியே போகாது. நாள் முழுக்கக் கூட்டம் போட்டு, வண்ணச் சீட்டுகளைச் சுவரில் ஒட்டி, ஆளாளுக்கு மதிப்பெண் போட்டுப் பாருங்கள். கடைசியில் எல்லாமே பத்துக்கு எட்டு வாங்கி நிற்கும். உங்கள் ஆட்களிடம் எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது என்ற கணக்குதான் வடிகட்டும். உங்கள் நிறுவனத்திலும் ஒருவரே இரண்டு பேர் வேலையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். துறைக்கு ஒரு மேலாளர் இருக்கும் நிறுவனம் என்றால் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடலாம்.

நானும் ஒரு கூட்டாளியும் கிடங்குகளுக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். எங்களையும் சேர்த்து 12 பேர். ஓர் ஆண்டு எங்கள் பட்டியலில் 17 குறிக்கோள்கள் இருந்தன. கைப்பேசிச் செயலி, புதிய இணையதளம், தகவல் பாதுகாப்புச் சான்றிதழ், பயிற்சி வகுப்புகள், பழைய நிரலைத் திருத்தி எழுதுவது என்று நீளும் பட்டியல். அதைக் குறைக்க யாருக்கும் மனம் வரவில்லை. கணக்குப் பார்க்கும் பெண்மணிதான் ஒரு தாளை எடுத்து இப்படிப் போட்டார்.

ஓர் ஆண்டில் 52 வாரம். விடுப்பு, பொது விடுமுறை, உடல்நலக் குறைவு ஆகியவற்றுக்கு 7 வாரம் கழித்தால் ஆளுக்கு 45 வாரம். 12 பேருக்கு 540 ஆள்-வாரம். முந்தைய ஆண்டின் நேரப் பதிவைப் பார்த்ததில், இருக்கிற வாடிக்கையாளர்களுக்கு உதவுவது, பிழை திருத்துவது, நிறுவித் தருவது, பில் போடுவது ஆகிய அன்றாட வேலைகளே 70 விழுக்காட்டை, அதாவது 378 ஆள்-வாரத்தை, எடுத்துக்கொண்டிருந்தன. யாராவது வேலையை விட்டுப் போவார், புதியவரைப் பழக்க வேண்டும், ஒரு வாடிக்கையாளரின் சர்வர் படுத்துவிடும். இவற்றுக்கு 10 விழுக்காடு, 54 ஆள்-வாரம். மிச்சம் 108. அதைப் பதினேழுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஆறு வாரத்துக்குச் சற்று மேல், அதுவும் ஒரே ஓர் ஆளின் ஆறு வாரம். எங்கள் பட்டியலில் ஆறு வாரத்தில் முடியக்கூடியது இணையதளம் ஒன்றுதான். மூன்றுக்கு மட்டும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 36 ஆள்-வாரம் வருகிறது. நான்கு பேர் ஒன்பது வாரம் முழுமூச்சாக இறங்கலாம். அதில் ஏதாவது முடியும்.

‘மூன்றுக்கு என்ன மந்திரம், ஏன் நான்காக இருக்கக் கூடாது?’ என்று கேட்க இங்கே சிலர் வருவார்கள். இருக்கலாம். உங்கள் அன்றாட வேலை 70 அல்லாமல் 50 விழுக்காடுதான் என்றால் ஐந்துகூட வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. நேரப் பதிவே இல்லாவிட்டால், ஒரு மாதம் எல்லோரையும் அரை நாளுக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு மாதத்தை வைத்து ஓரளவு ஊகித்துவிடலாம்.

ஆனால் இந்தக் கூட்டல் கழித்தலோடு நிறுத்துகிறவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆள்-வாரம் என்பது காகிதத்தில்தான் ஒன்றுக்கொன்று சமம். விற்பனை பார்ப்பவரின் பத்து வாரத்தைக் கொண்டு நிரல் எழுத முடியாது. எங்கள் மென்பொருளின் உள்கட்டமைப்பு முழுவதும் தெரிந்தவர்கள் இரண்டே பேர். பதினேழு குறிக்கோள்களுக்கும் எதிரே அது யார் கையைக் கடந்து போக வேண்டும் என்று எழுதிப் பார்த்தோம். ஒன்பதில் அந்த இரண்டு பெயர்களே இருந்தன. அவர்களுடைய 90 வாரத்தில் பிழை திருத்தமே 60 வாரத்தை விழுங்கிவிடும். அவசர வேலைகளை விட்டுவிட்டாலும் மிச்சம் 30 வாரம். அதாவது அந்த ஒன்பதில் ஒன்றைத்தான் உருப்படியாகச் செய்ய முடியும். மற்ற எட்டும் அந்த நிமிடமே செத்துவிட்டன. எவ்வளவு முக்கியம் என்ற வாதத்துக்கே இடம் இல்லாமல் போனது.

1997இல் ஆப்பிளுக்குத் திரும்பிய ஸ்டீவ் ஜாப்ஸ் கணினி வரிசையை நான்கு கட்டங்களுக்குள் அடக்கிய கதையை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். நல்ல கதைதான். ஆனால் அங்கே ஒரு பொருளை நிறுத்தினால் அதில் இருந்த பொறியாளர்களை இன்னொன்றுக்கு மாற்றலாம். உங்களிடம் மாற்றுவதற்கு ஆள் ஏது? ஆகவே ஒவ்வொரு குறிக்கோளும் வெவ்வேறு ஆட்களின் தோளில் விழும்படி மூன்றைத் தேர்ந்தெடுங்கள்.

நாங்கள் எடுத்தவை இவை. புதிய வாடிக்கையாளரிடம் மென்பொருளை நிறுவி ஓட வைக்க ஆறு வாரம் ஆகிறது, அதை இரண்டாகக் குறைப்பது; இது அந்த இரண்டு பேரின் வேலை. மொத்த விற்பனையில் 41 விழுக்காடு ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது, அதை 25க்குள் கொண்டுவருவது. இது விற்பனையில் இருப்பவர்களுக்கும் என் கூட்டாளிக்கும். மூன்றாவது, பாக்கி வசூலாகும் நாளை 73இலிருந்து 45 ஆக்குவது. இது கணக்குப் பிரிவுக்கும் எனக்கும். (ஆண்டு விற்பனை 100 என்றால் எங்களுக்கு வர வேண்டிய பாக்கி 20 இருந்தது. 20ஐ 100ஆல் வகுத்து 365ஆல் பெருக்கினால் 73 நாள்.) மூன்றிலும் இன்றைய எண்ணும் சேர வேண்டிய எண்ணும் இருப்பதைக் கவனியுங்கள். ‘வாடிக்கையாளர் சேவையை மேம்படுத்துவது’ என்று எழுதினால், நீங்கள் விட்டுவிட்ட பத்தும் அதற்குள் வந்து குடியேறிவிடும். சேவையை மேம்படுத்தச் செயலி வேண்டாமா, இணையதளம் வேண்டாமா, பயிற்சி வேண்டாமா? மூன்று என்று பெயருக்குச் சொல்லிக்கொண்டு பன்னிரண்டைச் சுமக்கிற நிறுவனங்கள் இந்த வழியாகத்தான் அங்கே போய்ச் சேருகின்றன.

பாக்கி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்கள் சிறியவர்களின் பில்லை மாதக்கணக்கில் மேசையில் வைத்திருக்கின்றனவே, அதற்கு ஏன் யாரும் வெட்கப்படுவதில்லை? எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், பில்லில் ஆர்டர் எண்ணுக்கு நடுவில் ஒரு கோடு விடுபட்டிருக்கிறது என்று நாற்பது நாள் கழித்துத் திருப்பி அனுப்பினார். மறுபடி முதல் நாளிலிருந்து கணக்கு. அவர்களுடைய வட்டியில்லாக் கடனை நாங்கள் சம்பளம் கொடுக்க வைத்திருந்த பணத்தில் கொடுத்துக்கொண்டிருந்தோம். போகட்டும்.

மீதிப் பதினான்கை ஒரே மூட்டையாகக் கட்டி வீசிவிட முடியாது. முதலில், அவற்றில் மூன்று குறிக்கோள்களே அல்ல. காப்புப் பிரதியிலிருந்து தரவை மீட்டுப் பார்ப்பது, உரிமங்களைப் புதுப்பிப்பது, ஆண்டுச் சம்பள மதிப்பீடு. இவற்றைச் செய்தால் எதுவும் மாறாது, செய்யாவிட்டால் ஏதாவது உடையும். இவை அன்றாட வேலையின் 70 விழுக்காட்டுக்குள் போக வேண்டியவை. ‘மூன்றைத் தவிர வேறு எதுவும் கிடையாது’ என்று வீரமாக அறிவித்துவிட்டு, மீட்டுப் பார்ப்பதையும் சேர்த்து நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். வட்டு பழுதான நாளில்தான் அவர்களுக்கு அது தெரிய வரும்.

இன்னும் ஐந்தை முழுவதுமாக நிறுத்தினோம். மிச்சமிருந்த ஆறையும், எது நடந்தால் திரும்ப எடுப்போம் என்று ஒரு வரி எழுதி ஒதுக்கி வைத்தோம். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் கூட்டாளிகளுக்கு இடையே ஆண்டு முழுக்கப் பேச்சு ஓயாது. கைப்பேசிச் செயலி என் கூட்டாளியின் செல்லப் பிள்ளை. ‘வேண்டாம்’ என்று நான் சொல்லியிருந்தால் அது எனக்கும் அவருக்கும் இடையிலான சண்டை. ‘இரண்டு வாடிக்கையாளர்கள் முன்பணம் கொடுத்தால் அடுத்த வாரமே தொடங்கலாம்’ என்று எழுதியதால், அது அவருக்கும் சந்தைக்கும் இடையிலான விஷயமாகிவிட்டது. முணுமுணுத்தார், ஆனால் கையெழுத்துப் போட்டார்.

கைவிட்டது உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. கூட்டக் குறிப்பில் அது இருக்காது. மாதாமாதம் போகும் பணத்தைப் பாருங்கள்: செயலிக்காக எடுத்த சோதனை சர்வருக்கு ஏப்ரல் வரை வாடகை போய்க்கொண்டிருந்தது. இளைஞர்கள் மாலையில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்: ஒருவர் ஆசையால் அதைத் தொடர்ந்துகொண்டிருந்தார், காலையில் சோர்ந்து வந்தார். முக்கியமாக, விலைப்புள்ளியின் பழைய படிவத்தைப் பாருங்கள். எங்கள் விற்பனையாளர் அனுப்பிய படிவத்தின் கடைசி வரியில் ‘கைப்பேசிச் செயலி விரைவில்’ என்று இருந்தது. அதை நம்பி ஒரு வாடிக்கையாளர் கையெழுத்திட்டிருந்தார். அவரிடம் நேரில் போய், இந்த ஆண்டு வராது, விலையைக் குறைத்துக்கொள்ளலாம் அல்லது ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்றோம். ரத்து செய்துவிட்டார். செயலியை அவருக்காக அவசரமாகச் செய்து கொடுத்திருக்கலாமே என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். அந்த இரண்டு பேரின் 30 வாரத்தையும் ஒரே வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டு, நிறுவும் வேலையை ஆறு வாரத்திலேயே விட்டிருப்போம். அவ்வளவுதான்.

ஆண்டு முடிவில் நிறுவும் காலம் மூன்று வாரத்துக்கு வந்திருந்தது. பாக்கி 50 நாள். அந்தப் பெரிய வாடிக்கையாளரின் பங்கு 35 விழுக்காடுதான் ஆனது. அது தோல்வி என்றே எழுதி வைத்தோம். மூன்றையும் முழுமையாக எட்டவில்லையே என்று சொல்ல வருகிறவர்கள், பதினேழையும் வைத்துக்கொண்டிருந்த முந்தைய ஆண்டு எத்தனை முடிந்தது என்று கேட்கட்டும், சொல்கிறேன்: இணையதளம், அதுவும் பாதி.

உங்கள் இருபதுக்கு எதிரே இன்றே பெயர்களை எழுதிப் பாருங்கள். ஒரே பெயர் எட்டு இடத்தில் வந்தால் அவரைக் கூப்பிட்டு அந்த எட்டில் எதைச் செய்ய முடியும் என்று கேளுங்கள். அந்தப் பெயர் உங்களுடையதாகவே இருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் பட்டியலைக் குறைக்கும் கூட்டத்தை நீங்கள் நடத்தாதீர்கள். கணக்குப் பார்ப்பவரை நடத்தச் சொல்லுங்கள்.