மதிப்பெண் அட்டைக்கு ஃபார்முலா: கடிதத்தில் முதலில் எழுத வேண்டியது விதி

கேள்வி: எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு அரையாண்டு மதிப்பெண் அட்டையை எக்செல்லில் ஃபார்முலா போட்டு, தேர்ச்சி, தோல்வி குறிப்பு தானாக வருகிற மாதிரி செய்யலாம் என்று தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதப் போகிறேன். எப்படி எழுதினால் ஒப்புக்கொள்வார்?

பதில்:

எழுதுங்கள். ஆனால் "நேரம் மிச்சமாகும், பிழை இருக்காது" என்று மட்டும் தொடங்காதீர்கள். நேரம் மிச்சமாவது உங்களுக்கு. கையெழுத்துப் போடுவது அவர். பிழை வந்தால் பெற்றோர் வந்து நிற்பதும் அவர் அறையில்தான்.

நீங்கள் வகுப்பாசிரியர், வயதில் இளையவர், ஆசிரியர் அறையில் கணினி தெரிந்த ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் ஏற்காட்டில் ஒரு உதவிபெறும் பள்ளியில் கணக்கு வாத்தியார். இதே கடிதத்தை நானும் எழுதியிருக்கிறேன், அனுமதியும் கிடைத்தது. கிடைத்ததற்குக் காரணம் ஃபார்முலா இல்லை, காப்பித் தோட்டம்.

இங்கே நவம்பர் தொடங்கி ஜனவரி தாண்டியும் காப்பிப் பழம் பறிப்பு நடக்கும். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். தோட்டத்தில் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகளில் சிலர் அந்த வாரங்களில் ஏதாவது ஒரு தேர்வுக்கு வராமல் போய்விடுவார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருப்பார்கள், அல்லது பறிப்புக்கே போய்விடுவார்கள். பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் AB என்று எழுதுவோம்.

ஆசிரியர்கள் குழுவில் ஒரு எக்செல் கோப்பு சுற்றிக்கொண்டிருந்தது. "மதிப்பெண்ணைப் போடுங்கள், ரேங்க் கார்டு ரெடி" என்று யாரோ அனுப்பியது. அதில் இருந்த ஃபார்முலா இதுதான்:

```
=IF(AND(C5>=35,D5>=35,E5>=35,F5>=35,G5>=35),"தேர்ச்சி","தோல்வி")
```

பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஐந்து பாடத்திலும் 35 எடுத்தால் தேர்ச்சி. சோதனைக்காக ஒரு பையனின் மதிப்பெண்ணைப் போட்டேன்: தமிழ் 52, ஆங்கிலம் 41, கணிதம் AB, அறிவியல் செய்முறையோடு சேர்த்து 47, சமூக அறிவியல் 55. "தேர்ச்சி" என்று வந்தது. கணக்குத் தேர்வே எழுதாத பையன்!

காரணம் இதுதான். எக்செல் ஒரு சொல்லையும் ஒரு எண்ணையும் ஒப்பிட்டால், சொல்தான் எப்போதும் பெரியது என்று எடுத்துக்கொள்ளும். அதனால் AB என்பது 35ஐ விடப் பெரியது. 100ஐ விடவும் பெரியது. மாறாக, மதிப்பெண் இன்னும் ஏற்றாத காலிக் கட்டத்தை அது சுழியம் என்று எடுத்துக்கொண்டு "தோல்வி" போட்டுவிடும். வராதவன் பாஸ், பேப்பர் திருத்தி முடியாதவன் ஃபெயில்.

சராசரி இன்னும் மோசம். AVERAGE சொற்களைக் கணக்கில் சேர்க்காது. மொத்தம் 195ஐ நான்கால் வகுத்து 48.75 என்று காட்டியது. ஐந்தால் வகுத்தால் 39. அந்தச் சராசரியை வைத்துத் தானாக வரும் குறிப்பு வேறு பக்கத்தில் "நன்று, மேலும் முயல்க" என்று போட்டிருந்தது.

இந்த ஒரு பையனின் வரிசையை அச்சடித்துக் கடிதத்தோடு இணைத்தேன். கூடவே மாற்று ஃபார்முலாவையும்:

```
=IF(COUNTIF(C5:G5,"AB")>0,"தேர்வுக்கு வரவில்லை",
 IF(COUNT(C5:G5)<5,"மதிப்பெண்ணைச் சரிபார்க்க",
 IF(COUNTIF(C5:G5,"<35")=0,"தேர்ச்சி","பயிற்சி தேவை")))
```

வராதவரை முதலில் பிரிக்கிறது. அடுத்து, ஐந்து கட்டத்திலும் உண்மையிலேயே எண் இருக்கிறதா என்று COUNT எண்ணிப் பார்க்கிறது. யாராவது 30 என்பதில் சுழியத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ எழுத்தைத் தட்டியிருந்தாலும் (நடக்கும், சிரிக்காதீர்கள்) அது எண் இல்லை என்பதால் இங்கே மாட்டிக்கொள்ளும். இரண்டையும் தாண்டியவர்களுக்குத்தான் 35 பார்க்கப்படுகிறது.

"இதற்கெல்லாம் கடிதம் எதற்கு, நல்ல மென்பொருளே விலைக்குக் கிடைக்கிறதே" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: கிடைக்கிறது, தெரியும். அதிலும் விதியை யாரோ ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த விதி என்ன என்பதில்தான் எங்கள் பள்ளியிலேயே மூன்று கருத்து இருந்தது.

அறிவியலை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வு 75க்கு. ஒரு மாணவி 24 எடுத்திருக்கிறாள். அவள் தேர்ச்சியா இல்லையா? 35ஐ நேராக வைத்துப் பார்த்தால் இல்லை. நூற்றுக்கு மாற்றினால் 32, அப்போதும் இல்லை. ஆனால் பொதுத்தேர்வு விதிப்படி எழுத்தில் 75க்கு 20, செய்முறையில் 25க்கு 15, இரண்டும் சேர்ந்து 35 இருந்தால் போதும். செய்முறையில் 15 வாங்கினாலே அவளுக்கு 39 ஆகிவிடும், தேர்ச்சி. எங்கள் அறிவியல் டீச்சர் பல காலமாக மனதுக்குள் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பிரிவில் நூற்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கையால் எழுதும்வரை இது யார் கண்ணுக்கும் படவில்லை. ஃபார்முலாவுக்கு மனசாட்சி கிடையாது, ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

அதனால் கடிதத்தில் கணினியைப் பற்றி இரண்டு வரி போதும். மீதியெல்லாம் விதியாக இருக்கட்டும். என் கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி:

"பொருள்: பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு – மதிப்பெண் அட்டையைக் கணினியில் தயாரித்தல் – அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, கீழ்க்காணும் விதிகளைத் தாங்கள் முடிவு செய்து ஒப்பமிட்டுத் தந்தால், அதன்படி மட்டுமே ஃபார்முலா அமைக்கப்படும். அறிவியல் பாடத்தில் பொதுத்தேர்வு விதியையே பின்பற்றலாமா? ஒரு பாடத்துக்கு மட்டும் வராத மாணவருக்கு மொத்தம், சராசரி, தரவரிசை போடலாமா, விட்டுவிடலாமா? கையால் எழுதும் மதிப்பெண் பதிவேடு வழக்கம்போல் தொடரும். அட்டைக்கும் பதிவேட்டுக்கும் வேறுபாடு இருந்தால் பதிவேடே சரி."

கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் சாரை இறங்கிவரச் செய்தன. ஆய்வுக்கு வருபவர்கள் கேட்பது பதிவேட்டை. கணினியில் இருப்பதை இல்லை. அது கைவிட்டுப் போகாது என்று தெரிந்ததும் அவர் கேட்ட அடுத்த கேள்வி, "நீங்கள் தப்பாக ஏற்றினால் எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. அதற்கும் கடிதத்திலேயே பதில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு பாட ஆசிரியரும் தன் மதிப்பெண் பட்டியலின் கீழே மொத்த வகுப்பின் கூட்டுத்தொகையைக் கையால் போட்டுத் தரட்டும். நீங்கள் ஏற்றிய பத்தியின் SUM அதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துவந்தாலும், இரண்டு பிள்ளைகளின் மதிப்பெண் இடம் மாறியிருந்தால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்காது. ஆகவே ஒருவர் பதிவேட்டை வாசிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்து ஆமாம் சொல்வதும் வேண்டும்.

குறிப்புகளைப் பற்றி. உங்கள் கேள்வியில் "தோல்வி" என்ற சொல் இருக்கிறது. அதை அட்டையில் அச்சடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. செல்லம் கொடுக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பத்தாம் வகுப்பில் தேர்ச்சியா இல்லையா என்று அறிவிப்பது அரசுத் தேர்வுகள் இயக்ககம், பொதுத்தேர்வு முடிந்த பிறகு. அரையாண்டில் நாம் எழுதுகிற "தோல்வி"க்கு எந்த மதிப்பும் இல்லை. ஆனால் தோட்டத்து வீட்டில் அந்த அட்டையை வாங்குகிறவருக்கு அது தெரியாது. கணினியில் அச்சாகி வந்தால் முடிந்துபோன தீர்ப்பு என்றே நினைப்பார்கள். "அப்புறம் எதுக்கு சார் பரிட்சைக்குப் பணம் கட்டி அனுப்பணும்" என்று ஒரு அப்பா என்னிடமே கேட்டார். அது கையால் எழுதிய அட்டைக்கே.

அதற்குப் பதில் இடைவெளியைச் சொல்லலாம். கணிதம் E கட்டத்தில் 29 இருக்கிறது என்றால்:

```
=IF(ISNUMBER(E5),IF(E5<35,"கணிதத்தில் இன்னும் "&(35-E5)&" மதிப்பெண் தேவை",""),"")
```

"கணிதத்தில் இன்னும் 6 மதிப்பெண் தேவை" என்று வரும். ஆறு மதிப்பெண் என்றால் இரண்டு மதிப்பெண் கேள்வி மூன்று. அதைப் படிக்கிற அண்ணனோ அக்காவோ ஏதாவது செய்ய முடியும். ஆனாலும் ஃபார்முலாவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. காலாண்டில் 11 எடுத்து இப்போது 29க்கு வந்தவனுக்கும், 60லிருந்து 29க்கு விழுந்தவளுக்கும் ஒரே வரிதான் வரும். காலாண்டு மதிப்பெண்ணைப் பக்கத்துப் பத்தியில் வைத்து ஏற்றம், இறக்கம் காட்டலாம்; நான் அப்படித்தான் செய்கிறேன். ஏன் விழுந்தாள் என்று எழுத வகுப்பாசிரியருக்கு இரண்டு வரிக் காலி இடம் விடுங்கள். அந்த இடத்தை ஃபார்முலா போட்டு நிரப்பாதீர்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. அனுமதி கிடைத்த நாளிலிருந்து நீங்கள் "கம்ப்யூட்டர் சார்" ஆகிவிடுவீர்கள். பிரிண்டரில் தாள் சிக்கினால் உங்களைக் கூப்பிடுவார்கள். எந்த அலுவலகத்திலிருந்து என்ன படிவம் வந்தாலும், அதே விவரத்தைப் போன வாரம் வேறு படிவத்தில் அனுப்பியிருந்தாலும், நீங்கள்தான் ஏற்ற வேண்டும். எங்கள் பள்ளியில் ஒருவர் வீட்டுச் சீமந்தப் பத்திரிகைகூட நான் தட்டிக் கொடுத்தது. இதற்காக ஒரு பாடவேளைகூடக் குறையாது. கணக்கு எடுப்பதும் நான்தான், ஏற்றுவதும் நான்தான். பெண் ஆசிரியர் இரண்டு பேருக்குக் கணினி நன்றாகத் தெரியும். அவர்கள் புத்திசாலிகள், வெளியே சொல்வதில்லை.

அதனால் கடிதத்தின் கடைசிப் பத்தியில் இன்னொருவர் பெயரையும் கேளுங்கள். கோப்பைத் திறக்கத் தெரிந்தவர் இரண்டு பேர், கடவுச்சொல் ஒரு உறையில் தலைமையாசிரியர் பீரோவில், ஃபார்முலா இருக்கும் கட்டங்கள் பூட்டப்பட்டு, மதிப்பெண் கட்டங்கள் மட்டும் திறந்து. எங்கள் சார் எல்லாவற்றையும் படித்துவிட்டு ஓரத்தில் பச்சை மையில் "இவ்வாண்டு ஒரு பிரிவுக்கு மட்டும் அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதினார். நீங்களும் ஒரு பிரிவுக்கே கேளுங்கள். மறுப்பது அவருக்குக் கஷ்டமாக இருக்கும்.